‘நன்று’ என்று எழுத இடமில்லாத படிவம்

கலைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறேன். ஒவ்வொருவரும் வகுப்பின் முன் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். கேட்கும் மாணவர்களும் மதிப்பெண் போடுவார்கள், பேசியவரும் தனக்குத் தானே போட்டுக்கொள்வார். நான் சேர்ந்தபோது இதற்கென்று டிபார்ட்மென்டில் ஒரு படிவம் ஏற்கெனவே இருந்தது. உச்சரிப்பு, இலக்கணம், தன்னம்பிக்கை, உடல்மொழி, தெளிவு, ஆர்வமூட்டுதல் போன்ற பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று ஒரு கட்டம், கீழே ‘கருத்து’ என்று ஒரு வரி. அந்த வரியில் பெரும்பாலும் ‘குட்’ என்று எழுதியிருக்கும். சிலர் தாராள மனசோடு ‘வெரி குட்’ என்று எழுதுவார்கள்.

நிரப்பிய படிவங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒன்று உடனே தெரியும். ஒரு மாணவருக்கு உச்சரிப்பில் 4 போட்டவர் இலக்கணத்திலும் 4, உடல்மொழியிலும் 4 போட்டிருப்பார். கட்டம்தான் பத்து, அபிப்பிராயம் ஒன்றுதான். இது எங்கள் மாணவர்களின் சோம்பேறித்தனம் இல்லை. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே இருப்பவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு என்று தனித்தனியாக மதிப்பிட்டபோது, எல்லா மதிப்பீடுகளும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ஆளைப் பற்றி மனதில் முதலில் விழும் எண்ணம் எல்லாக் கட்டங்களிலும் வழிந்துவிடுகிறது. வகுப்பறையில் அந்த முதல் எண்ணத்தை உண்டாக்குவது பெரும்பாலும் சரளமான ஆங்கிலம்தான். மெட்ரிக் பள்ளியில் படித்து வந்தவர் எழுந்து நின்றாலே பாதி மதிப்பெண் விழுந்துவிடும். தமிழ் வழியில் படித்தவர் என்னதான் தயாரித்து வந்தாலும், ‘தன்னம்பிக்கை’ கட்டத்தில் ஆரம்பித்த சரிவு கடைசிக் கட்டம் வரை போகும்.

புதுப் படிவம் எழுத உட்கார்ந்தபோது எனக்கு உதவியது ஓர் ஆய்வுத் தொகுப்பு. நான்சி ஃபால்சிகோவும் ஜூடி கோல்ட்ஃபின்ச்சும் 2000-இல் வெளியிட்டது. மாணவர் போடும் மதிப்பெண்ணையும் ஆசிரியர் போடும் மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பல சின்னச் சின்னக் கூறுகளுக்குத் தனித்தனியாகப் போடச் சொல்வதைவிட, நன்றாகப் புரிந்த சில அளவுகோல்களை மனதில் வைத்து மொத்தமாக மதிப்பிடச் சொல்லும்போது இரண்டும் நெருங்கி வருகின்றன என்பது அதில் ஒரு முக்கியமான முடிவு. நான் பத்தை நான்காகக் குறைத்தேன். ஒரே மொத்த மதிப்பெண்ணாகக் கேட்கவில்லை, ஏனென்றால் பேசியவருக்கு எங்கே சறுக்கினோம் என்று தெரிய வேண்டும்.

அந்த நான்கைத் தேர்ந்தெடுக்க ஒரே விதிதான் வைத்துக்கொண்டேன்: கேட்டவர் தன் காதால் கேட்டதையோ கண்ணால் பார்த்ததையோ வைத்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். தன்னம்பிக்கை இன்னொருவர் மனதுக்குள் இருப்பது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. அவர் குறிப்புத் தாளைப் பார்த்துப் படித்தாரா, எங்களைப் பார்த்துப் பேசினாரா என்பது தெரியும். ‘தெளிவு’ என்றால் ஆளுக்கு ஒரு பொருள். ‘கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லா வாக்கியமும் கேட்டதா’ என்றால் ஒரே பொருள்தான்.

முதல் கேள்விக்கு மதிப்பெண் கட்டமே கிடையாது. ‘இவர் சொல்ல வந்த முக்கியமான கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதவும்’, அவ்வளவுதான். பேசப் போகிறவர், தான் எந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பவர் மனதில் நிறுத்த விரும்புகிறார் என்பதை முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து என்னிடம் கொடுத்துவிட வேண்டும். பேச்சு முடிந்த பிறகு கேட்டவர்கள் எழுதிய வாக்கியங்களையும் இந்தச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் பேச்சை ஏழு பேர் மதிப்பிடுகிறார்கள். ஆறு பேரோ ஏழு பேரோ அதே கருத்தை எழுதியிருந்தால் 4. நான்கு ஐந்து என்றால் 3. இரண்டு மூன்று என்றால் 2. அதற்கும் கீழே என்றால் 1. வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போக வேண்டியதில்லை, கருத்து அதுவாக இருந்தால் போதும். சந்தேகம் வந்தால் நான் தீர்ப்பு சொல்வேன். நேர்மையாக இருங்கள் என்று யாரிடமும் கேட்டுக்கொள்ளாமலே நேர்மையான மதிப்பெண் வரும் கேள்வி இது ஒன்றுதான். எழுதுகிறவருக்கே தான் எத்தனை மதிப்பெண் போடுகிறோம் என்று தெரியாது.

இரண்டாவது கேள்வி, அந்தக் கருத்துக்கு அவர் கொடுத்த உதாரணத்தையோ ஆதாரத்தையோ எழுதச் சொல்கிறது. எழுதிய பிறகுதான் நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டுக்குப் போய் இன்னொருவருக்கு அப்படியே விளக்கிச் சொல்லும் அளவுக்கு நினைவிருந்தால் 4. உதாரணம் நினைவிருக்கிறது, ஆனால் கருத்தோடு எப்படிச் சேர்கிறது என்று தெரியவில்லை என்றால் 3. பெயரளவில் ஏதோ சொன்னார் என்றால் 2. எதுவும் எழுத முடியவில்லை என்றால் 1. மூன்றாவது, குரல் எட்டியதா, வேகம் பின்தொடரும்படி இருந்ததா. நான்காவது, எங்களைப் பார்த்துப் பேசினாரா, திரையையோ தாளையோ பார்த்துப் படித்தாரா. எல்லாவற்றிலும் நான்கு நிலைகள்தான். ஐந்து வைத்தால் நடுவில் ஒன்று இருக்கும், முடிவெடுக்க விருப்பமில்லாதவர்கள் எல்லோரும் அதில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

படிவம் முழுக்கத் தமிழில்தான். பேச்சு ஆங்கிலத்தில், படிவம் தமிழிலா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டால் மாணவர் தனக்கு எழுதத் தெரிந்ததைத்தான் எழுதுவார், புரிந்துகொண்டதை எழுத மாட்டார். ‘குட்’ என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது.

சரி, இது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வகுப்பில் பேசிய இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஆரணிப் பக்கத்துப் பையன், அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. நெல்லைப் புழுங்க வைப்பது பற்றிப் பேசினான். நெல்லை ஊற வைத்து, ஆவியில் வேக வைத்து, காய வைத்த பிறகு அரைத்தால் அரிசி குறைவாகவே உடையும், ஏனென்றால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து வெந்து இறுகி, இருந்த கீறல்களும் மூடிக்கொள்கின்றன. இதுதான் அவன் சீட்டில் எழுதியிருந்த வாக்கியம். பேச்சு தடுமாறியது, குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை, பாதி நேரம் தாளைப் பார்த்தான். ஆனால் ஒரு கையில் பச்சரிசி, ஒரு கையில் புழுங்கலரிசி கொண்டுவந்து, உடைந்த குறுநொய்யைப் பிரித்துக் காட்டினான். ஏழு பேரில் ஆறு பேர் அவன் கருத்தைச் சரியாக எழுதியிருந்தார்கள்.

இரண்டாவதாக ஒரு பெண். அழகான ஆங்கிலம், கையசைவு, சிரிப்பு, எல்லாம் இருந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடையைப் பற்றிப் பேசினாள். பேசி முடித்ததும் நல்ல கைதட்டல். அவள் சீட்டில் இருந்த வாக்கியம் உண்மையிலேயே நல்ல வாக்கியம்: பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு விலக்கு இருப்பதால் கடைப் பை போனாலும் வீட்டுக் குப்பையில் பிளாஸ்டிக் குறையவில்லை. கேட்டவர்களில் இரண்டு பேர் மட்டும் அதை எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் எழுதியவை: பிளாஸ்டிக் கெட்டது, கடல் ஆமைகள் சாகின்றன, துணிப்பை எடுத்துப் போக வேண்டும், அரசு கடுமையாக இருக்க வேண்டும், மறுசுழற்சி நல்லது. பேச்சில் இவை எல்லாமே இருந்தன, அதுதான் சிக்கல். உதாரணக் கேள்வியிலும் ஆளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள், எது எதற்கு உதாரணம் என்று யாருக்கும் தெரியவில்லை.

மதிப்பெண் கூட்டினால் பையனுக்கு 4, 4, 2, 2. பெண்ணுக்கு 2, 2, 4, 4. இருவருக்கும் 12. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே மாதிரி பேசியதாக ஆகும். இதைக் கரும்பலகையில் எழுதி, இது சரியா என்று வகுப்பிடம் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே வாக்குவாதம் நடந்தது. குரலே கேட்காவிட்டால் கருத்து எப்படிப் புரியும் என்று ஒருவர் கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் ஆறு பேர் எப்படிச் சரியாக எழுதினார்கள் என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். கடைசியில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் இரட்டை மதிப்பு என்று முடிவானது. அப்படிக் கணக்கிட்டால் 24-க்குப் பையனுக்கு 20, பெண்ணுக்கு 16. ஆனால் அந்தச் சுற்றின் மதிப்பெண்ணை இப்படி மாற்றவில்லை. விதி அடுத்த சுற்றிலிருந்துதான். பேசி முடித்த பிறகு எடையை மாற்றினால் அது எவ்வளவு நல்ல எடையாக இருந்தாலும் அநியாயம்தான்.

இந்த முதல் கேள்வியை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது, மாணவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். சீட்டில் ‘தண்ணீரைச் சேமிக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டால் ஏழு பேரும் சரியாக எழுதிவிடுவார்கள், பேச்சைக் கேட்கவே வேண்டியதில்லை. அதனால் சீட்டு இப்போது முந்தின நாளே என் கைக்கு வர வேண்டும். தலைப்பைக் கேட்டவுடனே ஊகித்துவிடக்கூடிய வாக்கியமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஏன், எப்படி, எந்த நிலையில் என்ற மூன்றில் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். தயாரிப்பில் பாதி வேலை இந்தச் சீட்டிலேயே முடிந்துவிடுகிறது என்பது நான் எதிர்பார்க்காத லாபம்.

அப்புறம் நட்பு. இதைப் படிவத்தின் சொற்களால் மட்டும் சரிசெய்ய முடியாது. ஹாஸ்டலில் ஒரே அறையில் இருப்பவன் எதிரே பேசும்போது எந்த அளவுகோலும் நிற்காது. அதுவும் பேனாவால் எழுதிய படிவம் என்றால், பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்தைப் பார்த்தே யாரென்று சொல்லிவிடுவார்கள். நான் செய்வது அமைப்பை மாற்றுவது. 56 பேர் வகுப்பை எட்டுக் குழுவாகப் பிரிக்கிறேன், குழுவுக்கு ஏழு பேர். பிரிப்பது சீட்டுக் குலுக்கல் மூலம், ரோல் நம்பர் வரிசைப்படி இல்லை. எல்லாத் தேர்வுக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தடுத்த எண்காரர்கள்தான் நண்பர்களாக இருப்பார்கள். முதல் குழு இரண்டாவது குழுவை மதிப்பிடும், இரண்டாவது மூன்றாவதை, கடைசிக் குழு முதல் குழுவை. இதனால் நான் உனக்குப் போடுகிறேன் நீ எனக்குப் போடு என்ற பேரத்துக்கு வழியில்லை. எனக்குப் போடுகிறவருக்கு நான் போடுவதே இல்லை. மதிப்பிடாத மற்றவர்கள் சும்மா கேட்கலாம். எல்லோரும் எல்லோருக்கும் நிரப்ப வேண்டும் என்று வைத்தால் மூன்றாவது பேச்சுக்குள் கை தானாக 3 போட ஆரம்பித்துவிடும்.

கேள்விக்குக் கேள்வி பார்ப்பதோடு மொத்தத்தையும் ஏழு பேரிடமிருந்து எடுக்கும்போது சராசரி போடுவதில்லை, நடு மதிப்பை எடுக்கிறேன். ஏழு மதிப்பெண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தினால் நான்காவதாக நிற்பது. ஒருவருக்கு 15, 16, 16, 17, 17, 24, 24 என்று வந்தது. அந்த இரண்டு 24-உம் யாருடையவை என்று வகுப்புக்கே தெரியும். சராசரி எடுத்தால் 18-ஐத் தாண்டிவிடும். நடு மதிப்பு 17. நண்பர்கள் இரண்டு பேர், மூன்று பேர் இருந்தாலும் பெரிதாக அசையாது. நான்கு பேர் சேர்ந்துவிட்டால் இந்த முறையும் தோற்றுவிடும், அதற்குத்தான் குலுக்கல். மதிப்பெண்களைக் கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறேன். B பத்தியில் பேசியவரின் ரோல் எண், G பத்தியில் மொத்தம் என்றால், 17-ஆம் எண்ணுக்கு இப்படி எழுதினால் போதும்:

```
=MEDIAN(FILTER(G:G, B:B=17))
```

இதில் MEDIAN இருக்கும் இடத்தில் MAX, MIN என்று போட்டால் மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் தெரியும். இரண்டுக்கும் நடுவே 8-க்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த ஏழு படிவங்களையும் எடுத்துப் படிக்கிறேன். பெரும்பாலும் அது பகையோ நட்போ இல்லை. யாரோ ஒருவர் உதாரணக் கேள்வியைக் காலியாக விட்டு நிலையை மட்டும் தேர்ந்தெடுத்திருப்பார். எழுத்து இல்லாத படிவத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் என்றதும் ஒத்திகையைச் சொல்ல வேண்டும். உண்மையான பேச்சுகளுக்கு முன்பு, முந்தைய ஆண்டு மாணவர்கள் அனுமதி கொடுத்த இரண்டு பதிவுகளைத் திரையில் போடுகிறேன். ஒன்று சுமார், ஒன்று நன்றாக இருப்பது. மிக மோசமானதைப் போடுவதில்லை, சிரிப்பார்கள், அளவுகோல் கீழே போய்விடும். எல்லோரும் நிரப்பிய பிறகு எத்தனை பேர் 1, எத்தனை பேர் 2 என்று கைதூக்கச் சொல்லிப் பலகையில் எழுதுகிறேன். ஒரே பேச்சின் குரலுக்கு 2-உம் 4-உம் வந்தால், 4 போட்டவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்பேன். முன் பெஞ்ச்! அதன் பிறகுதான் வகுப்பின் பின்பாதியில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் குரல் கேள்விக்குப் பதில் எழுதலாம் என்ற விதி வந்தது. இப்போது மதிப்பிடும் ஏழு பேரையும் பின் இருக்கைகளுக்கே அனுப்பிவிடுகிறேன். இந்த ஒத்திகைக்கு ஒரு முழு வகுப்பு போகும். நேரம் இல்லை என்று இதை விட்டுவிட்டால் படிவம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் பழைய கதைதான்.

சுய மதிப்பீடு இன்னும் கடினம். பேசி முடித்து இறங்கும் நேரத்தில் படிவத்தை நீட்டினால் மாணவர் தன் படபடப்புக்கு மதிப்பெண் போடுவார். கை நடுங்கியிருந்தால் எல்லாம் போச்சு என்று எழுதுவார், ஒரு ஜோக்குக்கு வகுப்பு சிரித்திருந்தால் எல்லாம் பிரமாதம். போதாக்குறைக்கு, தன்னைத் தானே புகழக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள், நன்றாகப் பேசியும் 2 போட்டுக்கொண்டு தலை குனிந்து நிற்பார்கள். இரண்டையும் தவிர்க்க, சுய மதிப்பீட்டுப் படிவத்தை அன்றே கொடுப்பதில்லை. பேச்சு அவரவர் போனிலேயே பதிவாகும், ஒரு தோழியோ தோழனோ எடுப்பார். வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது, எனக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் தயங்காமல் பதிவுக்குச் சம்மதிப்பது இந்த விதியால்தான். முகம் வர வேண்டாம் என்பவர்கள் ஒலி மட்டும் பதியலாம், அவர்களுக்கு நான்காவது கேள்விக்குக் கேட்டவர்களின் பதில் மட்டுமே இருக்கும்.

வீட்டில் முதலில் போனைக் கவிழ்த்து வைத்துக் குரலை மட்டும் கேட்க வேண்டும், இரண்டாவது முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்க மட்டும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ‘ஐயோ நான் இப்படியா இருக்கிறேன்’ என்பதைத் தாண்டி எதுவும் மனதில் ஏறாது. கேட்கும்போது இரண்டு விஷயங்கள் மட்டும் குறிக்க வேண்டும்: முக்கியமான வாக்கியம் எந்த நிமிடத்தில் வருகிறது, உதாரணம் எந்த நிமிடத்தில் வருகிறது. பார்க்கும்போது தலை எத்தனை முறை திரைப் பக்கமோ தாள் பக்கமோ திரும்புகிறது என்று எண்ண வேண்டும். அதன் பிறகு, கேட்டவர்கள் நிரப்பிய அதே நான்கு கேள்விகள். முதல் கேள்வியில் மட்டும், ஏழு பேரில் எத்தனை பேர் என் கருத்தைச் சரியாக எழுதியிருப்பார்கள் என்ற ஊகத்தை எழுத வேண்டும். அதை என்னிடம் கொடுத்த பிறகுதான் அந்த ஏழு படிவங்களும் அவர் கைக்குப் போகும். வரிசை மாறினால், மற்றவர் போட்டதைப் பார்த்து அதற்குக் கொஞ்சம் கீழே ஓர் எண்ணை எழுதிவிடுவார்கள்.

பிளாஸ்டிக் பற்றிப் பேசிய பெண்ணின் ஊகம் 6. வந்தது 2. அவள் அதை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, கேட்டவர்கள் கவனிக்கவில்லை என்றாள். படிவத்தில் அவளே குறித்திருந்த நிமிடத்தைக் காட்டினேன்: முக்கியமான வாக்கியம் 4:10-இல் வருகிறது, அதுவும் ஒரே ஒரு முறை. ஐந்து நிமிடப் பேச்சில் நான்கு நிமிடம் வேறு எதையோ கேட்டுவிட்டார்கள். அடுத்த சுற்றில் அதே வாக்கியத்தை முதல் நிமிடத்திலும் கடைசியிலும் வைத்துப் பேசினாள். ஐந்து பேர் சரியாக எழுதினார்கள்.

மதிப்பெண்ணாக இதில் எதைச் சேர்ப்பது? சுய மதிப்பீட்டு எண்ணை இன்டர்னல் மார்க்கில் சேர்ப்பதில்லை, சேர்த்த மறுநாளே எல்லோரும் 24 போட்டுக்கொள்வார்கள். சக மாணவர் போட்ட நடு மதிப்பையும் முதல் சுற்றில் சேர்ப்பதில்லை. இரண்டாம் சுற்றில் பேச்சுக்கான 20-இல் 5 அதற்கு, 13 என் மதிப்பீட்டுக்கு. மீதி 2 மதிப்பெண், மற்றவருக்குப் படிவத்தைக் காரணத்தோடு நிரப்பியதற்கு. தன் ஊகத்துக்கும் வந்த முடிவுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றி மூன்று வரி எழுதியதும் அந்த 2-க்குள்தான்.

உச்சரிப்பும் இலக்கணமும் மாணவர் படிவத்தில் இல்லையே என்று கேட்பார்கள். வேண்டுமென்றே விட்டேன். முதலாண்டு மாணவர் இன்னொருவரின் இலக்கணத்துக்கு மதிப்பெண் போட்டால் அது அவருடைய இலக்கணத்துக்கான தேர்வாகிவிடும். உச்சரிப்பில் நாகர்கோவில் பிள்ளையின் பேச்சைக் கேட்டு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பதற்கு ஒரு கட்டம் அமைத்துக் கொடுத்ததாகிவிடும். அந்த இரண்டையும் என் தாளில் நான் வைத்திருக்கிறேன், பேசியவரிடம் தனியாகச் சொல்கிறேன்.

குழுவாகப் பேசும் பிரசன்டேஷனுக்கு இந்தப் படிவம் சரிவராது. நான்கு பேர் சேர்ந்து பேசும்போது யாருடைய கருத்து கேட்டவர் மனதில் நின்றது என்று பிரிக்க முடியாது, மேடைக்கு வராமல் ஸ்லைடு மட்டும் செய்தவருக்கு எந்தக் கேள்வியும் பொருந்தாது. அதற்குக் குழுவுக்குள்ளேயே யார் என்ன செய்தார்கள் என்று கேட்கும் தனித் தாள் ஒன்று வேண்டும். இந்தப் பருவத்தில் அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.